எவ்வளவு இருந்தால் போதும்? சத்துவாச்சாரி வாசகிக்கு ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு 58 வயது. கணவருக்கு 60. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வரும் மார்ச்சில் ஓய்வு. பிள்ளைகள் இருவருக்கும் திருமணம் முடிந்துவிட்டது. சொந்த வீடு, மாடியில் வாடகை 9,000 ரூபாய். பி.எஃப்., பணிக்கொடை, வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்து 1 கோடியே 21 லட்சம் தேறும். கடன் கிடையாது. ஆனால், ஒரு ஏ.சி. வாங்கலாம் என்றால்கூட "இருக்கிற மின்விசிறி போதும்" என்கிறார். என் முட்டிக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. காசிக்குப் போக ஆசை. "2 கோடி சேரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி, முதலாளி மாதம் 40,000 தருவதாகக் கூப்பிட்டதும் இன்னும் ஐந்து வருடம் போகத் தீர்மானித்துவிட்டார். அவருடைய அப்பா நான்கு வருடம் படுக்கையில் கிடந்தபோது பட்ட கடன் அவரை இன்னும் பயமுறுத்துகிறது. நான் ஆசைப்படுவது தவறா? எங்களுக்கு எவ்வளவு இருந்தால் போதும்?

பதில்: அன்புள்ள அம்மா, தவறா சரியா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் அந்த 2 கோடி எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். உடன் வேலை பார்த்தவர் சொன்னதாக இருக்கும், அல்லது சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் மகன் சொன்னதாக இருக்கும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாதம் 50,000 செலவு செய்கிற ஒருவருக்கு அந்தத் தொகை பொருந்தலாம். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வீட்டுச் செலவுதான் சொல்ல வேண்டும்.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த தாள் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மளிகை, பால், காய்கறி, மின்கட்டணம், எரிவாயு, மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 26,000 என்று எழுதியிருக்கிறீர்கள். இது இல்லாமல் ஆண்டுக்கு ஒருமுறை வருகிற செலவுகள்: மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 44,000, வீட்டு வரி, சிறு மராமத்து, ஸ்கூட்டர் பராமரிப்பு 24,000, மொய், பண்டிகை, பேரப்பிள்ளைகளுக்குச் செய்வது 40,000. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது வரியை மறந்துவிடுகிறார்கள். வைகாசியிலும் ஆவணியிலும் நம் பக்கத்தில் நடக்கிற கல்யாணங்களுக்கு எழுதுகிற மொய் மட்டுமே பல வீடுகளில் ஒரு மாத மளிகையைத் தாண்டும். நீங்கள் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

ஆண்டுச் செலவுகளின் கூட்டுத்தொகை 1,08,000. மாடி வாடகையும் ஆண்டுக்கு 1,08,000. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போய்விட்டது. வாடகையை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்தப் போகிறீர்கள், அந்தச் செலவுகளும் உயரத்தான் போகின்றன. ஆகவே இந்த இரண்டையும் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். மீதி நிற்பது மாதம் 26,000, அதாவது ஆண்டுக்கு 3,12,000 ரூபாய். சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான். இதைப் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, எத்தனை ஆண்டுகளுக்கு? இங்கேதான் பலர் கணவரின் வயதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இருவரில் இளையவர் நீங்கள். உங்களுக்கு 90 வயது ஆகும்வரை என்று வைத்தால் 32 ஆண்டுகள். அவ்வளவு நாள் இருப்போமா என்று கேட்காதீர்கள். இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

வட்டியையும் விலைவாசியையும் எப்படிச் சேர்ப்பது என்பது மூன்றாவது. எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் பணத்துக்கு வருகிற வட்டி, விலைவாசி உயர்வை ஈடுகட்டுவதோடு சரி, அதற்கு மேல் ஒரு ரூபாயும் மிச்சம் தராது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் கடுமையான அனுமானம்தான். உங்கள் வருமானத்துக்கு இப்போதைய புதிய வரிமுறையில் வருமான வரி வராது என்பதால், உண்மையில் சிறிது மிஞ்சவே செய்யும். ஆனால், உங்கள் கணவர் போன்ற எச்சரிக்கைக்காரரிடம் பேசும்போது கடுமையான பக்கமே நின்று பேசுவது நல்லது. இந்த அனுமானத்தில் கணக்கு மிகச் சுலபம்: 3,12,000 பெருக்கல் 32. கிடைப்பது 99,84,000. ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் அவருடைய பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 4,200 ரூபாயைச் சேர்க்கவில்லை. காரணம், அது அகவிலைப்படி இல்லாத ஓய்வூதியம். இன்று 4,200 என்றால் இருபது ஆண்டு கழித்தும் 4,200தான். அவருக்குப் பிறகு உங்களுக்கு அதில் பாதி வரும். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறும் என்று வைத்தால், 32 ஆண்டுகளுக்கு வருகிற அந்த ஓய்வூதியம் முழுவதற்கும் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 7 லட்சம். ஆகவே ஒரு கோடியில் 7 லட்சத்தைக் கழித்தால், அன்றாட வாழ்க்கைக்கு உங்களுக்குத் தேவை 93 லட்சம்.

இனி உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். தகப்பனார் படுக்கையில் கிடந்ததைப் பார்த்தவருக்கு, "எல்லாம் சரியாகப் போகும்" என்ற பேச்சு காதில் ஏறாது. ஆனால், அந்தப் பயத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைத் தாளில் எழுதிவிட்டால் அது 2 கோடி அளவுக்குப் பெரியதாக இருக்காது. மருத்துவமனைச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். காப்பீடு பார்த்துக்கொள்ளாதது, வீட்டில் வைத்துப் பராமரிப்பதற்கான செலவு: உதவிக்கு ஆள், டயபர், கட்டில், மருந்து. இன்றைய நிலையில் மாதம் 20,000 என்று வைத்தால் நான்கு ஆண்டுகளுக்கு 9,60,000. ஆகவே 10 லட்சத்தைத் தனியாக, தொடாத பணமாக வைக்கச் சொல்கிறேன். இது இருவரில் ஒருவருக்கு. இருவருக்கும் அந்த நிலை வந்தால்? அதற்குத்தான் தாளின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, திருவலம் பக்கம் வாங்கிப் போட்ட மனையும் 55 பவுன் நகையும். அவற்றை நான் இதுவரை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அவை இரண்டாம் காவல்.

93 லட்சம், 10 லட்சம், ஆக மொத்தம் 1 கோடியே 3 லட்சம். உங்களுக்குப் போதுமான தொகை இதுதான். உங்களிடம் இருப்பது 1 கோடியே 21 லட்சம். மிச்சம் 18 லட்சம்.

"வட்டி விலைவாசியை மிஞ்சாது என்று சொல்லிவிட்டு, கையில் மாதாமாதம் பணம் எப்படி வரும்?" என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் இருக்கிற மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது நிரம்பிய ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். இப்போதைய 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் விழும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் கூட்டாக 15 லட்சம் போட்டால், 7.4% வட்டியில் மாதம் 9,250. இந்த 45 லட்சம் மட்டுமே ஆண்டுக்கு 3,57,000 கொடுத்துவிடும். உங்கள் பற்றாக்குறையோ 3,12,000. இப்போதைய மாதச் செலவுக்கு மீதி 76 லட்சத்தைத் தொடவே வேண்டாம்.

இதைப் பார்த்ததும் "அப்படியானால் 45 லட்சமே போதுமே" என்று துள்ளக் கூடாது. 6% விலைவாசி உயர்வில் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இன்று 26,000-க்கு ஓடுகிற வீடு அவருடைய 72-ஆவது வயதில் 52,000 கேட்கும். அந்த 45 லட்சம் தருகிற வட்டி அப்போதும் ஏறக்குறைய இதே அளவில்தான் நிற்கும். மீதி 76 லட்சத்தின் வேலை அந்த இடைவெளியை நிரப்புவது. வட்டியை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு அசல் அப்படியே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்கள் 75 வயதில் என்னிடம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அசல் குறையவில்லை, அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிட்டது. ஆகவே மியூச்சுவல் ஃபண்டில் இருப்பதை அப்படியே விடுங்கள். மற்ற டெபாசிட்டுகளின் வட்டியைக் கையில் வாங்காமல் அசலோடு சேர விடுங்கள். உங்களுக்கு 60 ஆனதும் உங்கள் பெயரிலும் மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒரு கணக்குத் தொடங்கலாம்.

இப்போது அந்த ஐந்து ஆண்டு வேலையைப் பார்ப்போம். மாதம் 40,000 என்றால் ஐந்தாண்டில் 24 லட்சம். அதில் வீட்டுச் செலவுக்கு 15,60,000 போனால் மிச்சம் 8 லட்சத்துச் சொச்சம். இருக்கிற 1 கோடியே 21 லட்சத்தையும் தொடாமல் 7% வட்டியில் வளர விட்டாலும், ஐந்து ஆண்டு முடிவில் எல்லாம் சேர்த்து ஒரு கோடியே 80 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கும். 2 கோடி வராது. வந்தாலும், ஐந்து ஆண்டு கழித்து வருகிற 2 கோடி இன்றைய ஒன்றரைக் கோடிக்குச் சமம். அப்போது அவர் இரண்டரைக் கோடி என்பார். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர், அவரே போட்டுப் பார்க்கட்டும்.

நான் அவரிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். போதுமான தொகை நிரம்பிய பிறகு சேர்கிற இந்தப் பணம் யாருடையது? உங்கள் இருவரின் சாப்பாடு, மருந்து, படுக்கை வரை எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. அதற்கு மேல் அவர் ராணிப்பேட்டை பஸ் ஏறிச் சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளுக்குத்தான் போகும். பிள்ளைகளுக்குச் சேர்ப்பது தவறே இல்லை. ஆனால், அதைத் தெரிந்து, சொல்லி, உங்கள் சம்மதத்தோடு செய்ய வேண்டும். "நமக்காகச் சேர்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு உங்கள் முட்டியைக் காக்க வைத்துப் பிள்ளைகளுக்குச் சேர்ப்பது வேறு கணக்கு. அவருக்கு வேலையே பிடித்திருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தால் நேரம் போகாது என்றால் தாராளமாகப் போகட்டும். முதலாளியிடம் வாரத்துக்கு மூன்று நாள் என்று பேசிப் பார்க்கட்டும். பணத்துக்காகப் போக வேண்டிய அவசியம் இல்லை என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

உங்கள் ஆசைப் பட்டியலில் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவை மூன்றும் ஒரே ரகமாகத் தெரியவில்லை. முட்டி அறுவை சிகிச்சை ஆசையே அல்ல. அது செலவுக் கணக்கில் வர வேண்டியது. எந்தெந்த மாநிலத்திலிருந்தோ இரண்டு நாள் ரயிலில் வந்து, லாட்ஜில் அறை எடுத்து, வங்காளத்திலும் இந்தியிலும் பலகை மாட்டிய தெருக்களில் நடந்து நம் ஊரில் மருத்துவம் பார்த்துக்கொள்கிறார்கள். சத்துவாச்சாரியில் இருக்கிற நீங்கள் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறீர்கள். உங்கள் காப்பீட்டு பாலிசியை எடுத்து, காத்திருப்புக் காலம் என்ற பகுதியைப் பாருங்கள். மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பல பாலிசிகளில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு காத்திருப்பு இருக்கும். அது முடிந்திருந்தால் செலவின் பெரும்பகுதியைக் காப்பீடே ஏற்கும். அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வரம்பை மீறிய அறையில் தங்கினால், பல பாலிசிகளில் அறை வாடகையோடு பில்லின் வேறு சில கட்டணங்களிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். உங்கள் கையிலிருந்து போகக்கூடியதை அந்த 18 லட்சத்திலிருந்து எடுங்கள்.

ஏ.சி. விஷயத்தில் எனக்கு நீண்ட விவாதம் தேவைப்படவில்லை. வேலூரில் அக்னி நட்சத்திரத்தைக் கழித்தவர் யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். படுக்கையறைக்கு ஒன்று, ஏறத்தாழ 40,000. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் இரவில் ஓட விட்டால் மின்கட்டணம் சில ஆயிரம் கூடும். வாங்குங்கள்.

காசிதான் உண்மையான ஆசை, அதற்குத்தான் காலக்கெடுவும் இருக்கிறது. பணம் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும், கால் காத்திருக்காது. சோளிங்கர் மலைக்கு இப்போது ரோப் கார் வந்துவிட்டது. 1,305 படி ஏற முடியாதவர்களும் நரசிம்மரைப் பார்த்துவிடலாம். காசியின் பெரும்பாலான படித்துறைகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. இறங்கவும் ஏறவும் உங்கள் முட்டிதான் வேண்டும். செலவுகளை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்: எந்த வயதிலும் செய்யக்கூடியவை, 70-க்குள் செய்தால்தான் உண்டு என்பவை. இரண்டாவது வகைக்கு முன்னுரிமை கொடுங்கள்.

18 லட்சத்தை எப்படிச் செலவு செய்வது என்பதில் ஒரு யோசனை. 3 லட்சத்தை முட்டிக்கும் ஏ.சி.க்கும் இந்த ஆண்டே ஒதுக்குங்கள். மீதி 15 லட்சத்தைப் பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் பிரியுங்கள். ஒவ்வொரு சித்திரைப் பிறப்பன்றும் அந்த ஒன்றரை லட்சத்தை உங்கள் இருவர் பெயரிலும் உள்ள தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு விதி: அதில் போட்ட பணம் மறுபடி டெபாசிட்டுக்குத் திரும்பக் கூடாது. சிக்கனக்காரர்களுக்கு இது இல்லாமல் சரிவராது. "இந்த வருடம் போகவில்லையே, சேர்த்து வைப்போம்" என்று ஆரம்பித்தால், மூன்றாவது வருடம் அந்தக் கணக்கே ரசீதாக மாறி பீரோவுக்குள் போய்விடும். பயணம் போகாத ஆண்டில் பேரப்பிள்ளைகளோடு நான்கு நாள் ஏலகிரியில் தங்குங்கள், அல்லது நீங்கள் விரும்பும் ஒருவருக்குக் கொடுங்கள்.

கணக்குத் தடம் புரள்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதே சித்திரைப் பிறப்பன்று ஒரு வகுத்தல் போடுங்கள். மொத்தச் சேமிப்பிலிருந்து அந்த 10 லட்சத்தைக் கழித்து, அந்த ஆண்டின் பற்றாக்குறையால் வகுங்கள். இன்று 1 கோடியே 11 லட்சத்தை 3,12,000-ஆல் வகுத்தால் 35-க்குச் சற்று மேல் வருகிறது. உங்களுக்கு 90 வயது ஆக இருப்பது 32 ஆண்டு. முதல் எண் பெரியதாக இருக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை. இரண்டும் நெருங்கி வந்தால் அந்த ஆண்டு ஒன்றரை லட்சத்தைப் பாதியாக்குங்கள். முதல் எண் சிறியதாகிவிட்டால் ஆசைக் கணக்கை நிறுத்திவிட்டு, மனையை விற்பதைப் பற்றிப் பேசுங்கள். பங்குச்சந்தை சரிந்த ஆண்டில் இது நடக்கலாம். ஒரே ஆண்டுக் கணக்கை வைத்து மனையை விற்றுவிடாதீர்கள், அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்கானது. வாடகை வீட்டில் இருப்பவர்களும், கடன் உள்ளவர்களும், மணமாகாத பிள்ளை உள்ளவர்களும் இதே எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். வழிமுறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலேயே இதை உடைக்கக்கூடியது ஒன்று உண்டு: பிள்ளைகளில் ஒருவர் தொழிலுக்கென்று 20 லட்சம் கேட்பது. அப்படிக் கேட்டால், மிச்சமிருப்பதிலிருந்து மட்டும் கொடுக்க முடியும் என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செலவு செய்யப் பயப்படுகிறவர்கள் பலர், "இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்ற அவசரத்தில் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுவிடுகிறார்கள். 2022-இல் காட்பாடியை ஒட்டி நடந்த நிதி நிறுவன மோசடியில் பணம் போட்டவர்களை நம் மாவட்டத்தில் தேடிப் போக வேண்டியதில்லை, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஓய்வுப் பணம் கைக்கு வருகிற மார்ச் மாதத்தில் உங்கள் வீட்டுக்கும் யாராவது வருவார்கள். 2 கோடி என்ற இலக்கு மனதில் இருந்தால் அந்த ஆளின் பேச்சு இனிக்கும். 1 கோடியே 3 லட்சம் போதும், அது ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அவரை வாசலோடு அனுப்பிவிட முடியும்.

தவறா என்று கேட்டீர்கள். இல்லை, உங்களுக்குக் கட்டுப்படியாகிறது. இந்தப் பதிலை அவரிடம் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். செலவுத் தாளையும் ஒரு கால்குலேட்டரையும் கொடுத்து, அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தன் கையால் போட்ட கூட்டலைத்தான் கணக்குப் பிரிவுக்காரர்கள் நம்புவார்கள். பற்றாக்குறையை அவர் மாதம் 30,000 என்று உயர்த்தினால் உயர்த்தட்டும். அப்போது தேவை 1 கோடியே 18 லட்சத்துக்குப் போகும், மிச்சம் 3 லட்சமாகச் சுருங்கும். காசிக்கும் முட்டிக்கும் அதுவே போதும், ஆனால் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் என்ற திட்டம் நடக்காது. அப்படி வந்தால் அவர் ஓரிரு ஆண்டு வேலைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது, ஐந்தாண்டு தேவையில்லை. எப்படி வந்தாலும் முதல் வேலை எலும்பு மருத்துவரிடம் தேதி வாங்குவது. காசிக்கு டிக்கெட் எடுப்பது, சிகிச்சை முடிந்து பிசியோதெரபிக்காரர் படி ஏறலாம் என்று சொன்ன பிறகு.